தொடை வரை வரும் ஸ்டாக்கிங்ஸ் வேண்டாம்: இரண்டு வருடம் போட்ட பிறகு எழுதுவது

தி.நகரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தோழி, வெரிகோஸுக்குக் காலை இறுக்கிப் பிடிக்கப் போடும் ஸ்டாக்கிங்ஸ் பற்றிப் போன வாரம் கேட்டார்: "விலை குறைச்சிருந்தாங்கன்னு தொடை வரைக்கும் வர்ற கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ் வாங்கினேன். மூணு வாரம் ஆச்சு. பாதம் முன்னைவிட அதிகமா உப்புது. வெரிகோஸுக்கு இது கேட்குமா, கேட்காதா?"

கேட்கும். அவர் காலில் கேட்காததற்குக் காரணம் தொடையில் நிற்கும் அந்த சிலிக்கோன் பட்டை. இரண்டு வருடமாக இந்தப் பொருளில் எனக்கு ஆறாத கோபம் அதன்மேல்தான்.

வெரிகோஸைத்தான் நாம் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்கிறோம். சுருட்டுவது நரம்பல்ல, காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை. அதற்குள் இரண்டிரண்டு இதழ்களாக வால்வுகள் இருக்கின்றன. நடக்கும்போது ஆடுசதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளும். சதை தளரும்போது வால்வு மூடி, போன ரத்தம் திரும்ப இறங்காமல் பிடித்துக்கொள்ளும். அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறக்குறைய 80 முதல் 90 வரை இருக்கும் (பிரஷர் பார்க்கும் அதே பாதரச அளவில்). நல்ல காலில், பத்து அடி நடந்தாலே அது 30-க்குக் கீழே வந்துவிடும். நடையை நிறுத்திய பின் சிரை மறுபடி நிரம்ப 20 நொடிக்கு மேல் ஆகும். வால்வு கெட்ட காலில் சில நொடிகளிலேயே மேலிருந்து கொட்டி நிரம்பிவிடும். நடந்தும் அழுத்தம் இறங்காது. நின்றபடி எடுக்கும் டாப்ளர் ஸ்கேனில் அரை நொடிக்கு மேல் ரத்தம் பின்னோக்கி ஓடினால் வால்வு கசிகிறது என்று எழுதுவது இதைத்தான்.

இந்த ஓயாத அழுத்தத்தில் முதலில் நீர் கசிகிறது. மாலையில் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழும், காலையில் வற்றிவிடும். பிறகு சிவப்பணுக்களும் கசிந்து, சிதைந்து, அவற்றின் இரும்பு தோலுக்குள் தங்குகிறது. உள் கணுவுக்குச் சற்று மேலே பழுப்புத் திட்டு தெரியும். அழுக்கு என்று அதைக் கல்லால் தேய்ப்பவர்கள் உண்டு, அங்கேதான் தோல் கிழியும். அடுத்து அரிப்பு, பொருக்கு. அதன்பின் தோலும் கொழுப்பும் இறுகிக் கணுவைச் சுற்றிக் காப்புப் போட்டதுபோல் கால் சிறுத்துவிடும். கடைசியில் புண். தோழிக்குப் பழுப்பும் அரிப்பும் வந்துவிட்டன, புண் இல்லை.

கிளாஸ் 2 ஸ்டாக்கிங்ஸ் கணுக்காலில் அதே பாதரச அளவில் 23 முதல் 32 வரை அழுத்தும், மேலே போகப்போகக் குறையும். அந்த இறக்கம்தான் அதன் உயிர். சென்னை வியர்வையில் தொடைப் பட்டை பதினோரு மணிக்கே வழுக்க ஆரம்பிக்கும். சேலையை மடித்துக் காட்டிக்கொண்டே நிற்பவர் என்ன செய்வார்? இழுத்துவிட நேரமில்லாமல், நழுவியதை முட்டிக்குக் கீழே மடித்துவிடுவார். மடித்த இடத்தில் துணி இரண்டு அடுக்கு. அங்கே அழுத்தமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். கணுவில் அதிகமாக இருக்க வேண்டியது முட்டிக்கடியில் அதிகமாகிவிட்டால், கயிறு கட்டிய மாதிரி கீழே எல்லாம் தேங்கும். பாதம் உப்பியது அதனால்தான். மாலையில் கழற்றும்போது முட்டிக்கடியில் ஆழமான வளையத் தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

முட்டிக்குக் கீழ் நிற்கும் வகையை, விரல் திறந்ததாக வாங்குங்கள். வீக்கத்துக்கும் கணுப் பக்கத் தோலுக்கும் அதுவே போதும். நம் ஊர் வெக்கைக்கு விரல் மூடியது ஆகாது, இடுக்கில் ஈரம் நின்று புண்ணாகும்.

கடைக்கு மாலையில் போய் அளவு கொடுக்காதீர்கள். வீங்கிய காலின் அளவுக்கு வாங்கியது மறுநாள் காலையில் தொளதொள என்றிருக்கும். படுக்கையை விட்டு எழுந்ததும் மூன்று அளவு எடுங்கள்: கணு எலும்புக்கு மேலே மிக ஒல்லியான இடத்தின் சுற்றளவு, ஆடுசதையின் மிகப் பருத்த இடம், தரையிலிருந்து முட்டி மடிப்புக்குக் கீழ் வரை நீளம். செருப்பு நம்பரை வைத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் அளவு எடுக்கும் முன், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைப் பார்த்துவிட வேண்டும். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் சாதாரணமாக 1-ஐ ஒட்டி வரும். 0.6-க்குக் கீழே வந்தால் இந்த ஸ்டாக்கிங்ஸ் காலுக்கே ஆபத்து. சர்க்கரையில் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாவதால் அந்தக் கணக்கு பொய்யாகக் கூடுதலாக வரும், ஆகவே எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

போடும் விதம்: குதிகால் பை வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகாலைச் சரியாகப் பையில் உட்கார வைத்துவிட்டு மீதியை உள்ளங்கையால் தடவித் தடவி ஏற்றுங்கள். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் பாதி வேலை மிச்சம், நகமும் துணியைக் கிழிக்காது. விளிம்பைப் பிடித்து இழுத்தால் மேலே ஒரே இடத்தில் துணி குவிந்து, மறுபடி அதே கயிறு. முட்டி மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள்.

எதிர்பாராமல் கிடைத்தது அரிப்பிலிருந்து விடுதலை. வீக்கம் குறையும் என்று தெரியும், ஆனால் ராத்திரி சொறிவது ஒரு மாதத்தில் நின்றது பெரிய நிம்மதி. பழுப்பு மட்டும் போகவில்லை. தங்கிய இரும்பு எளிதில் கரையாது. தோலுக்கு ஈரப்பசை களிம்பு ராத்திரி கழற்றிய பின் தடவுங்கள். காலையில் எண்ணெய் தடவிவிட்டுப் போட்டால் ரப்பர் நூல் சீக்கிரம் செத்துவிடும்.

தினமும் மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி ஒற்றி, நிழலில் காயப்போடுங்கள். மொட்டை மாடி வெயில் ஆகாது. ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் காயாது என்பதால் இரண்டு ஜோடி கட்டாயம். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். கிழியாது, சுருங்காது, ஆனால் ஒருநாள் சிரமமில்லாமல் ஏறும். பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது தீர்ந்துவிட்டது.

கடைகளில் இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. கேட்டு வாங்குங்கள். ஆனால் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாலும் ஆடுசதை சும்மாதான் இருக்கும். அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைப் பதினைந்து தடவை தூக்கி இறக்குங்கள்.

கசியும் வால்வை இது சரிசெய்யாது. கழற்றிய மறுநாளே வீக்கம் திரும்பும். பழுப்பும் அரிப்பும் வந்த தோழி டாப்ளர் எடுத்து, கசியும் சிரையை லேசரால் அடைப்பது பற்றி ரத்தநாள மருத்துவரிடம் இப்போதே பேச வேண்டும். புண் வரும்வரை ஸ்டாக்கிங்ஸை நம்பிக் காத்திருப்பது தவறு. திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் அது வேறு கதை, ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே மருத்துவமனை.

இவ்வளவு நன்மை சொன்னேன். ஆனாலும் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டுதான். அக்னி நட்சத்திரத்தில் மின்சார ரயிலில் நின்றபடி இதைப் போட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு அந்த இரண்டே அதிகம் என்று தோன்றும். தோழிக்கு நாளைக் காலை ஆறரைக்கு அளவு எடுக்கப் போகிறோம்.