பெரிய டிஸ்கார்ட் சர்வரா, ஐந்து பேர் குழுவா?

கோலாலம்பூரில், ஐவர் அணியாக ஆடும் வேலோரண்ட் ஆன்லைன் விளையாட்டைப் பழகத் தொடங்கும் பெண்ணுக்குப் பெரிய டிஸ்கார்ட் சர்வரில் நள்ளிரவிலும் சேர்ந்து ஆட ஆள் கிடைக்கும். ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் புதுக் குரல்கள். மைக்கைத் திறந்ததும் கிண்டல் வந்தால், மாடரேட்டர் பார்ப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். சேருமுன் விதிப்பட்டியலை நம்பாமல், யாராவது வசைபாடியபோது என்ன நடந்தது என்று பழைய உரையாடலில் தேடிப் பாருங்கள்.

குழு அமைய நாளாகும். இருந்தாலும் எங்கள் தேர்வு அதுதான். ஐவரும் ஒரே பார்ட்டியாக நுழைந்தால் அணியில் அந்நியரே இல்லை. பார்ட்டி வாய்ஸ் போதும், டீம் வாய்ஸை அணைத்துவிடலாம். ஒருவர் வராவிட்டால்தான் சிக்கல்: ரேங்க் ஆட்டத்தில் நால்வர் பார்ட்டிக்கு அனுமதியில்லை, ரேங்க் கணக்கில்லாத அன்ரேட்டடில் ஐந்தாவதாக முன்பின் தெரியாதவர் வருவார். அதனால் பிரிக்ஃபீல்ட்ஸ் தோழிகள் இருவரோடு தொடங்கினாலும், ஏழு பேரைச் சேர்த்து வையுங்கள்.