கேபிள்தான் கோளாறு என்று சொல்லி என்னிடம் வாங்கிய 26,000 ரூபாய்

பெங்களூரு பீன்யாவில் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓவனுக்குள் ஆறு இடங்களில் வெப்பநிலை எடுத்து, கணினியில் பதிந்து, அந்தத் தாளைச் சரக்கோடு சேர்த்து வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். அதற்காகப் போன வருடம் இங்கேயே உள்ள ஒரு நிறுவனத்திடம் ஆறு போர்டுகள் வாங்கினேன். தெர்மோகப்புளில் இருந்து வெப்பநிலையை எடுத்து ஆர்எஸ்-485 கம்பி வழியாக மாட்பஸ் முறையில் அனுப்பும் போர்டுகள் அவை. அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி போர்டு வைத்திருப்பவர்கள் என்னைப் போலப் பணத்தை விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

மாட்டிய முதல் வாரத்திலேயே பதிவேட்டில் வெற்றிடங்கள் வர ஆரம்பித்தன. சில நேரம் ஒரு மணி நேரம் ஒழுங்காக வரும். சில நேரம் ஒரு போர்டு மட்டும் பத்து நிமிடம் பதிலே தராது. கூப்பிட்டால் வருவார்கள். வந்தவர் ஓவன் கதவைத் திறப்பார், போர்டைத் தட்டிப் பார்ப்பார், கம்பியை இறுக்குவார். உடனே சரியாகிவிடும். "லூஸ் கனெக்‌ஷன் சார்" என்று சொல்லி 2,500 வாங்கிக்கொண்டு போவார். மறுநாள் பழைய கதைதான்.

இரண்டாவது முறை வந்தவர், பக்கத்தில் ஓடும் மோட்டார் டிரைவின் இரைச்சல் கம்பியில் ஏறுகிறது, ஷீல்டு கேபிள் போட வேண்டும் என்றார். 11,000 செலவு. மூன்றாவது முறை ரிப்பீட்டர் ஒன்று மாட்டச் சொன்னார்கள், 7,500. மூன்று வருகைக்கும் சேர்த்து 7,500. மொத்தம் 26,000. வெற்றிடங்கள் அப்படியே இருந்தன. ஒரு வாடிக்கையாளர் பாதி வெற்றாக இருந்த தாளைப் பார்த்துவிட்டு ஒரு லாட்டையே திருப்பி அனுப்பினார். அன்றைக்கு இரவுதான் இதை நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எஸ்.பி. ரோட்டில் எட்டுச் சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கினேன். கையடக்கப் பெட்டி, யூஎஸ்பியில் மாட்டுவது, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. மென்பொருள் PulseView, இலவசம். மின்னழுத்தம் எவ்வளவு என்று இந்தக் கருவி சொல்லாது. ஒரு கம்பி எந்த நொடியில் 1, எந்த நொடியில் 0 என்பதை மட்டும் சொல்லும். என் சிக்கலுக்கு அது போதும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வேலையாக ஒரு போர்டைக் கழற்றி வீட்டு மேசைக்குக் கொண்டு வந்தேன். ஆர்எஸ்-485 கம்பியைக் கணினியோடு சேர்க்கும் யூஎஸ்பி கன்வெர்ட்டரோடு ஒரு மீட்டர் கம்பியில் இணைத்தேன். தெர்மோகப்புளுக்குப் பதிலாகக் கேலிபிரேட்டரை மாட்டி, வேண்டிய வெப்பநிலையைக் கொடுத்துப் பார்த்தேன். மோட்டார் இல்லை, ஓவன் இல்லை, நீளக் கம்பியும் இல்லை. 185.0 டிகிரி வைத்தேன், பதில் இல்லை. 185.1 வைத்தேன், ஒழுங்காக வந்தது. திரும்ப 185.0, மறுபடி போனது. இரைச்சலுக்கு 185.0-க்கும் 185.1-க்கும் வித்தியாசம் தெரியுமா? ஓவன் கதவைத் திறந்ததும் ஏன் "சரியானது" என்பதும் அங்கேயே புரிந்துவிட்டது. வெப்பநிலை கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

அப்புறம் அனலைசரை மாட்டினேன். ஒரு எச்சரிக்கை: ஆர்எஸ்-485-இன் A, B கம்பிகளில் இதை நேராக மாட்டாதீர்கள். அந்தக் கம்பிகளில் பொது மின்னழுத்தம் மைனஸ் 7 வோல்ட்டில் இருந்து பிளஸ் 12 வரை போக இடம் உண்டு, சின்னப் பெட்டி அதைத் தாங்காது. போர்டில் இருக்கும் எட்டுக் கால் டிரான்ஸீவர் சிப்பின் உள்பக்கக் கால்களில்தான் கிளிப் போட வேண்டும். முதலில் கிரவுண்டை மாட்டினேன். பிறகு போர்டின் DI காலில் ஒன்று, அதுதான் போர்டு அனுப்பும் தரவு. DE காலில் ஒன்று. அது 1-ஆக இருக்கும் வரைதான் சிப் கம்பியில் பேசும், 0 ஆனால் கம்பியை விட்டுவிடும். மூன்றாவது கிளிப் கன்வெர்ட்டரைத் திறந்து அதன் RO காலில், அதாவது மறுமுனையில் கேட்டது என்ன என்று.

வேகம் 9600. ஒரு பிட் 104 மைக்ரோ செகண்ட். ஒரு நொடிக்கு 10 லட்சம் முறை சாம்பிள் எடுக்க வைத்தால் ஒரு பிட்டுக்கு நூற்றுக்கும் மேல் சாம்பிள் கிடைக்கும், ஒரு மைக்ரோ செகண்ட் துல்லியத்தில் அளக்கலாம். நான் முதலில் நினைவகம் மிச்சமாகட்டும் என்று 20,000-இல் வைத்தேன். பிட்டுக்கு இரண்டே சாம்பிள், பிட்டுகளைப் பைட்டாக மாற்றிக் காட்டும் டிகோடர் கண்டபடி எழுத்தைக் காட்டியது. அதை நம்பியிருந்தால் போர்டு தப்பாக அனுப்புகிறது என்று தவறாக முடிவு கட்டியிருப்பேன்.

PulseView-இல் UART டிகோடரை இரண்டு முறை சேர்த்தேன், ஒன்று DI-க்கு, ஒன்று RO-க்கு. 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். 185.0-க்கு வந்த பதில் இரண்டு வரிசையிலும் இப்படி இருந்தது:

```
DI : 01 03 02 07 3A 3A 67
RO : 01 03 02 07 3A 3A E7
```

07 3A என்பது 1850, அதாவது 185.0 டிகிரி. கடைசி இரண்டு பைட்டும் சிஆர்சி, தரவு சரியா என்று பார்க்கும் சோதனை எண். போர்டு 67 என்று சரியாகத்தான் அனுப்பியது. மறுமுனைக்கு E7 போய்ச் சேர்ந்தது. சோதனை பொருந்தாததால் கணினி மொத்தப் பதிலையும் தூக்கிப் போட்டுவிட்டது. தாளில் வெற்றிடம் வந்தது இப்படித்தான்.

67-க்கும் E7-க்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம், மேல் பிட். சீரியலில் கீழ் பிட் முதலில் போகும், மேல் பிட் கடைசியில் போகும். ஆக முழுப் பதிலிலும் கெட்டது மிகக் கடைசித் தரவு பிட் ஒன்றுதான். உடனே DE கோட்டைப் பார்த்தேன். கடைசி பைட்டின் ஸ்டார்ட் பிட் விழுந்த இடத்தில் ஒரு கர்சர், DE கீழே விழுந்த இடத்தில் இன்னொன்று. இடைவெளி 851 மைக்ரோ செகண்ட்.

கணக்கு இதுதான். ஒரு பைட்டுக்கு ஸ்டார்ட், எட்டுத் தரவு, ஸ்டாப் என்று பத்து பிட். முழுதும் போய்முடிய 1,042 மைக்ரோ செகண்ட் வேண்டும். எட்டாவது தரவு பிட் 833-இல் தொடங்கி 938-இல் முடியும், கேட்பவர் அதை நடுவில், சுமார் 885-இல் பார்ப்பார். இந்தப் போர்டோ 851-லேயே கம்பியை விட்டுவிடுகிறது. யாரும் பேசாத கம்பியை கன்வெர்ட்டரில் உள்ள பயாஸ் ரெசிஸ்டர்கள் 1-க்கு இழுத்துவிடும். அனுப்ப வேண்டிய பிட் 1 என்றால் பாதிப்பே தெரியாது. 0 என்றால் அது 1 ஆகிவிடும். 185.1-க்கு வரும் கடைசி பைட் A7, அதன் மேல் பிட் ஏற்கெனவே 1. அதனால்தான் அது மட்டும் தப்பித்தது.

185.0-இலும் பத்துக்கு ஒரு முறை பதில் வந்துவிடும், அதுதான் என்னைக் குழப்பியது. அப்போது அனலைசர் பதிந்த பிடிப்புகளைத் தேடிப் பார்த்தால் DE 910 வரை நீண்டிருந்தது, 885-ஐத் தாண்டியாயிற்று. போர்டுக்குள் வேறு ஏதோ வேலை குறுக்கே வந்து தாமதப்படுத்தும்போது தப்பிக்கிறது என்பது என் ஊகம்.

இதற்குக் காரணம் நிரலில் செய்த ஒரு அலட்சியம். மைக்ரோ கண்ட்ரோலரில் "அடுத்த பைட்டைப் போட இடம் இருக்கிறது" என்பதற்கு ஒரு கொடி, "கடைசி ஸ்டாப் பிட்டும் வெளியே போய்விட்டது" என்பதற்கு வேறு கொடி. எஸ்டிஎம்32 வகைச் சிப்புகளில் அவற்றின் பெயர் `TXE`, `TC`. `TC` வந்த பிறகுதான் DE-ஐ இறக்க வேண்டும். இவர்கள் முதல் கொடியைப் பார்த்துவிட்டு, கையால் ஒரு தாமதம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். அப்படியானால் அந்தத் தாமதம் வேகத்தோடு மாறாது. போர்டில் 19200-க்கு மாற்ற வசதி இருந்தது. அதில் ஒரு பைட் 521 மைக்ரோ செகண்டில் முடிந்துவிடும். மாற்றிப் பிடித்தேன். DE அதே 850-ஐ ஒட்டித்தான் விழுந்தது. பைட் முடிந்து 330 மைக்ரோ செகண்ட் கழித்து. அடுத்த கேள்வி வர அதைவிடப் பல மடங்கு நேரம் இருப்பதால் மோதலும் இல்லை. ஆறு போர்டையும் 19200-க்கு மாற்றி, பழைய கேபிளையே திரும்பப் போட்டு, ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். இரண்டு நாளில் ஒரு வெற்றிடம் கூட இல்லை.

மறுநாள் அவர்களைக் கூப்பிட்டேன். நான் DE பற்றி வாயைத் திறக்கவே இல்லை, "19200-ல போட்டேன், சரியா ஓடுது" என்று மட்டும் சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர், "ஆமா சார், 19200-ல அந்தப் பிரச்சினை வராது" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எனக்குக் கேபிள் விற்றிருக்கிறார்கள். திருத்திய நிரலைக் கேட்டேன். "அது புது வெர்ஷன், போர்டுக்கு 1,800 ஆகும்" என்றார்.

உங்களிடமும் இப்படிச் சில மதிப்புகளில் மட்டும் பதில் தராத போர்டு இருந்தால், கேபிளுக்குப் பணம் கட்டும் முன் ஒரு மீட்டர் கம்பியில் மேசையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கோளாறு வந்தால் கேபிளுக்கும் இரைச்சலுக்கும் அதில் பங்கில்லை. உள்ளீட்டை ஒரு படி மாற்றினால் போய், திரும்ப வைத்தால் வந்தால், DI, DE, RO மூன்றையும் பிடித்து, கடைசி பைட்டின் ஸ்டார்ட் பிட்டில் இருந்து DE விழும் வரை அளந்துவிடுங்கள். 9600-இல் அது 1,042-க்குக் குறைவாக இருக்கவே கூடாது. 938-க்கும் 1,042-க்கும் நடுவே விழுந்தால் இப்போதைக்கு ஓடும், ஏனென்றால் ஸ்டாப் பிட் எப்படியும் 1-தான். ஆனாலும் அதை விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். பிடிப்பைச் சேமித்தால் `.sr` கோப்பாக வரும், அதைப் பத்திரமாக வையுங்கள்.

என் கோப்பையும், கர்சர் வைத்த படத்தையும், மூன்று பில்களையும் அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லை. இரண்டாவது ஓவனுக்கு நான்கு போர்டு வேறு இடத்தில் வாங்கினேன். கடைக்காரர் எதிரிலேயே கேலிபிரேட்டரும் அனலைசரும் மாட்டி, 9600-இல் DE 1,050-ஐத் தாண்டி விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.