கேப் டேபிள் போட்டுத் தர ₹1,80,000 வாங்கிக்கொண்டு கைவிட்ட தளம்: ஃபவுண்டர்கள் கவனத்துக்கு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்டார்ட்அப்புகளுக்கு ஃபண்டிங் ஆலோசனை தரும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயர் வேண்டாம் என்கிறார் வக்கீல், அதனால் போடவில்லை. முதலீட்டாளர் வைக்கும் நிபந்தனைகளைச் சொல்லும் டேர்ம் ஷீட்டைப் படித்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் கேப் டேபிள் போட்டுத் தர ₹1,80,000 வாங்கினார்கள்.

எங்கள் கம்பெனியில் எனக்கும் பார்ட்னருக்கும் ஆளுக்கு 5,000 ஷேர். ஏற்கெனவே ஒருவர் கன்வர்ட்டிபிள் நோட்டாக 40 லட்சம் போட்டிருந்தார். வட்டி கிடையாது, அடுத்த ரவுண்ட் விலையில் 20% தள்ளுபடியில் அது ஷேராக மாறும். இப்போது வந்த சீட் ரவுண்டில், பணம் வருவதற்கு முன் கம்பெனிக்குப் போடும் மதிப்பான ப்ரீ-மணி 8 கோடி, முதலீடு 2 கோடி. ரவுண்ட் முடியும்போது ஊழியர்களுக்குப் பின்னால் ஷேராகத் தர ஒதுக்கும் ஆப்ஷன் பூல் 10% இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோட், டேர்ம் ஷீட் எல்லாவற்றையும் அவர்களுக்கு அனுப்பியிருந்தோம்.

வீடியோ காலில் அந்தத் தளத்தின் தம்பி ஒருவர் ஸ்க்ரீன் ஷேர் செய்து, டேர்ம் ஷீட்டை வரி வரியாக வாசித்தார். நோட்டைப் பற்றிக்கூட அவரே பேச்சை எடுத்தார். அதில்தான் முழு நம்பிக்கை வந்தது. அப்புறம் அவர்கள் போட்ட கேப் டேபிள் ஷீட்டைத் திறந்து, "2 கோடிக்கு 20% போகுதுங்க சார், மீதி 80. ஆளுக்கு 40. தைரியமா சைன் பண்ணுங்க" என்றார். பூலும் நோட்டும் எங்கே என்று பார்ட்னர் கேட்டதற்கு, "அது ரவுண்டுக்கு அப்புறம் எல்லார் பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் குறையும், பெரிசா ஒண்ணும் இல்லைங்க" என்றார். சைன் செய்தோம்.

பிறகு முதலீட்டாளரின் வக்கீல் அனுப்பிய கேப் டேபிளில் இருந்தது இது:

ஃபவுண்டர்கள் 65% (ஆளுக்கு 32.5)
முதலீட்டாளர் 20%
ஆப்ஷன் பூல் 10%
நோட் போட்டவர் 5%

வக்கீல் கணக்கில் தப்பே இல்லை. பூலும் நோட்டும் ப்ரீ-மணிக்குள் அடங்கும் என்று டேர்ம் ஷீட்டிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்தத் தம்பி வாய்விட்டு வாசித்த அதே வரி! முதலீடும் சேர்ந்த போஸ்ட்-மணி 10 கோடி. அதில் பூல் 1 கோடி. தள்ளுபடியால் நோட்டின் 40 லட்சம் 50 லட்சம் மதிப்புள்ள ஷேராகிறது. இரண்டும் அந்த 8 கோடியிலிருந்து கழிந்தால் எங்கள் 10,000 ஷேருக்கு மிச்சம் 6.5 கோடிதான். ஒரு ஷேர் விலை ₹8,000 என்று அவர்கள் ஷீட் சொன்னது, உண்மையில் ₹6,500. புது முதலீட்டாளரின் 20% துளியும் குறையவில்லை. பூலும் நோட்டும் எங்கள் தலையில் மட்டும் விடிந்தன. ஆளுக்குக் குறைந்த 7.5% என்பது இந்த விலைக்கே 75 லட்சம்.

இது அடுத்த ரவுண்டிலும் தொடரும். சீரிஸ் ஏ-யில் புதியவருக்கு 20%, பூலுக்கு இன்னும் 5% என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையவர்கள் எல்லோருடைய சதவீதமும் 0.75 ஆல் பெருகும். எங்கள் 65 அப்போது 48.75 ஆகிவிடும். அவர்கள் ஷீட்டில் அங்கேயும் பூலை விட்டுவிட்டதால், அதே இடத்தில் 64 என்று இருக்கிறது. பூலில் உள்ள ஆப்ஷன் ஷேராக மாறும்வரை அதற்கு வோட்டு இல்லை, அதனால் மறுநாளே பிடி போய்விடாது. ஆனால் சாதாரணத் தீர்மானத்துக்கே பாதிக்கு மேல் வோட்டு வேண்டும். ஊழியர்கள் ஆப்ஷனை ஷேராக மாற்ற மாற்ற அந்தப் பாதியை நோக்கித்தான் இறங்குவோம்.

₹1,80,000 வாங்கியவர்களிடம் கேட்டோம். முதலில் "இது மார்க்கெட் வழக்கம்தான்" என்றார்கள். வழக்கம்தான், யார் இல்லை என்றது? அந்த வழக்கத்தை ஷீட்டில் போடத்தானே பணம் கொடுத்தோம்! அப்புறம் "ஷீட் வெறும் மாதிரிக் கணக்கு" என்றார்கள். அந்தத் தம்பி வேறு டீமுக்குப் போய்விட்டாராம். புதிதாக வந்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார், சொன்னோம், டிக்கெட் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டது. ₹1,80,000 திரும்பக் கேட்டால், சேவை வழங்கப்பட்டுவிட்டது என்கிறார்கள். முதலீட்டாளரோடு இனிப் பேரம் பேசவும் பலமில்லை. டேர்ம் ஷீட்டில் மற்ற வரிகள் பெரும்பாலும் கட்டுப்படுத்தாது, ஆனால் குறிப்பிட்ட காலம் வேறு யாரிடமும் பேசக்கூடாது என்ற வரி கட்டுப்படுத்தும்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஒரு ஷேர் விலை என்ன என்று கேளுங்கள். ப்ரீ-மணியை உங்கள் இன்றைய ஷேர் எண்ணிக்கையால் மட்டும் வகுத்து விலை சொன்னால் அந்த ஷீட் குப்பை. பூல் எவ்வளவு பெரிது என்பதையும் பேரம் பேசுங்கள், அடுத்த ஒன்றரை வருடத்தில் யார் யாரை வேலைக்கு எடுப்போம் என்ற பட்டியலைக் காட்டினால் 10-ஐ 6 ஆக்க வாய்ப்புண்டு. சைன் செய்வதற்கு முன் முதலீட்டாளர் தரப்பிடமிருந்தே, பூலும் நோட்டும் ஷேரானதாக வைத்துப் போட்ட ஃபுல்லி டைல்யூட்டட் கேப் டேபிளை மெயிலில் வாங்குங்கள், அது இலவசம். ₹1,80,000 எல்லாம் யாருக்கும் கொடுக்காதீர்கள்.