டெக்னீசியம் உச்சம் தொடும் மணி: கைக்கணக்கா, எக்செல் அட்டவணையா?

மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுக்கப் பயன்படும் டெக்னீசியம்-99எம், மாலிப்டினம்-99 சிதைவதால் உண்டாகிறது. தாயான மாலிப்டினத்தின் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 66 மணி நேரம், சேயான டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம்; சேய் சிதைந்து, மிக நீண்ட ஆயுள் கொண்ட டெக்னீசியம்-99 ஆகிறது. அலுமினாத் தூணில் ஒட்டியிருக்கும் மாலிப்டினத்தின் வழியே உப்புநீரை விட்டு டெக்னீசியத்தை மட்டும் கழுவி எடுத்த பிறகு, அது மீண்டும் எப்போது உச்ச அளவை எட்டும் என்பதை மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருந்ததால், இந்தக் கணக்கை இரண்டு வழிகளில் போட்டுப் பார்த்தேன். என் சாய்வு கைக்கணக்கின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எக்செல் வழி எளிது. ஒவ்வொரு வரியிலும் தாயிலிருந்து வந்ததைக் கூட்டி, சேயில் சிதைந்ததைக் கழித்து, அடுத்த மணிக்கு நகர்ந்தால் போதும். தொகை நுண்கணிதம் தெரியாதவரும் பத்து நிமிடத்தில் வரைபடத்தைப் பார்த்துவிடலாம்.

கைக்கணக்கில் தாயின் அளவை A, அதன் தொடக்க அளவை A0, சேயின் அளவை B, நேரத்தை t என்று வைத்துக்கொள்வோம்; k1, k2 என்பவை முறையே தாய், சேயின் சிதைவு மாறிலிகள், அதாவது ln 2-ஐ அரை ஆயுட்காலத்தால் வகுத்தால் கிடைப்பவை. தாயின் சமன்பாட்டை முதலில் தீர்த்துவிட்டு, சேயின் சமன்பாட்டை e^(k2·t) என்னும் தொகையீட்டுக் காரணியால் பெருக்க வேண்டும். அப்போது இடப்பக்கம் ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகச் சுருங்கிவிடுவதால், தொகையிடுவது ஒரே வரியில் முடிகிறது.

```
A' = -k1·A            A = A0·e^(-k1·t)
B' = k1·A - k2·B
(B·e^(k2·t))' = k1·A0·e^((k2-k1)·t)
B = A0·k1/(k2-k1)·(e^(-k1·t) - e^(-k2·t))
t_max = ln(k2/k1)/(k2-k1)
```

கடைசி வரி B' = 0 என்று வைத்ததால் கிடைப்பது. அந்தக் கணத்தில் k1·A = k2·B ஆகிறது; அதாவது வரவும் செலவும் சமமாகின்றன. நம் கணக்கில் k2/k1 = 11, k2-k1 = 0.10502 ஆகும், ஆகவே உச்ச நேரம் 2.3979/0.10502 = 22.83 மணி. அப்போது சேயின் அளவு, தொடக்கத்தில் இருந்த தாயின் அளவில் 7.15 விழுக்காடு. உண்மையில் மாலிப்டினத்தின் சிதைவுகளில் சுமார் 87.5 விழுக்காடு மட்டுமே டெக்னீசியம்-99எம் நிலைக்கு வருவதால் இந்த அளவு அதே விகிதத்தில் குறையும். உச்ச நேரம் மாறாது.

ஒரு மணி நேர இடைவெளியில் எக்செல் தந்த உச்ச நேரம் 22 மணி, உச்ச அளவு 7.26 விழுக்காடு. அளவில் பிழை ஒன்றரை விழுக்காடுகூட இல்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கேள்வி நேரத்தைப் பற்றியது என்பதால், எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். வளைவின் உச்சி மிகத் தட்டையானது: 20 மணியில் பார்த்தாலும் சேயின் அளவு உச்சத்தைவிட அரை விழுக்காடு மட்டுமே குறைவு, 24 மணியிலோ 0.1 விழுக்காடுகூடக் குறைவில்லை. நாளுக்கு ஒரு முறை கழுவி எடுக்கும் வழக்கத்துக்கு இந்தத் தட்டைத்தன்மை பெரும் வசதி. ஆனால், அட்டவணையின் மிகப்பெரிய எண்ணைத் தேடி நேரத்தைக் கண்டுபிடிப்பவருக்கு அதுவே தொல்லை. அளவில் சிறு பிழை நுழைந்தாலும் நேரம் மணிக்கணக்கில் நகர்ந்துவிடும். எக்செல்லிலேயே இருக்க விரும்புவோர், பெரிய எண்ணைத் தேடாமல், k1·A - k2·B குறி மாறும் வரியைத் தேடுவது நல்லது. இடைவெளியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் விடை எவ்வளவு நகர்கிறது என்பதும் தெரிந்துவிடும். இடைவெளி 17.3 மணியைத் தாண்டினால் எண்கள் நேர்க்குறியும் எதிர்க்குறியுமாகத் தாவி வளர்வதையும் காணலாம்.

முந்தைய கழுவலில் பத்தில் ஒரு பங்கு சேய் தூணிலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும்? தங்கிய அளவு B0 என்றால், B-க்கான விடையில் B0·e^(-k2·t) என்ற உறுப்பு கூடுகிறது. உச்சத்தில் கழுவியிருந்தால் B0 = A0/110; அப்போது ln 11 இருந்த இடத்தில் ln 10 வருகிறது, உச்சமும் 21.92 மணிக்கு முந்திவிடுகிறது. இந்த முந்தலைச் சூத்திரம் ஒரே வரியில் காட்டிவிடுகிறது. ஒரு மணி இடைவெளி கொண்ட அட்டவணையில் இதை அதன் சொந்தப் பிழையிலிருந்து பிரித்தறிய முடியாது.

கைக்கணக்குக்கும் ஒரு பள்ளம் உண்டு. இரண்டு மாறிலிகளும் சமமானால் சூத்திரம் பூஜ்யத்தின் கீழ் பூஜ்யமாகிவிடும். அப்போது தொகையீட்டுக் காரணிக்குத் திரும்பினால், வலப்பக்கத்தின் அடுக்குக்குறி மறைந்து k·A0 என்ற மாறிலி மட்டும் எஞ்சுவதால், B = k·A0·t·e^(-k·t) என்றும், உச்சம் t = 1/k என்றும் கிடைக்கிறது. மாறிலிகள் சமமாக இல்லாமல் மிக நெருங்கி இருந்தால், கணிப்பொறியில் கழித்தலின்போது இலக்கங்கள் தொலையும். அங்கே எக்செல் அட்டவணை எந்தச் சிக்கலுமின்றி ஓடும். பத்துக் கண்ணிகள் கொண்ட சிதைவுத் தொடர்களில் நான் இரண்டையும் மோதவிட்டுப் பார்த்ததில்லை. 1910-இல் கணிதவியலாளர் பேட்மன் இத்தகைய தொடர்களுக்குத் தந்த பொதுச் சூத்திரத்தை மூன்று கண்ணிகளுக்கு மேல் கையால் எழுதியபோது, குறிகளில் இருமுறை தவறினேன்.