சோற்றுக்கு ஈடு, சாம்பாருக்குத் தணல்: பெரிய பந்திக்கு எது ஒத்துவரும்?

முதல் பந்தி காலை 11 மணிக்கு, கடைசிப் பந்தி 3 மணிக்கு. இடைப்பட்ட 4 மணி நேரத்தைச் சமாளிக்க, பெரிய சமையல்கட்டுகளில் மூன்று வழக்கங்கள் உண்டு. விடியற்காலையிலேயே எல்லாவற்றையும் ஆக்கி மூடி வைப்பது ஒன்று. பந்திக்குப் பந்தி ஈடு ஈடாக ஆக்குவது இன்னொன்று. மொத்தமாக ஆக்கிச் சுடச்சுட ஹாட் பாக்ஸில் அடைப்பது மூன்றாவது. இவற்றில் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு சோறு, சாம்பார் இரண்டையும் அதிலேயே ஓட்டுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இரண்டும் கெடுகிற விதமே வேறு.

சோற்றிலிருந்து தொடங்குவோம். அரிசியோடு கூடவே வருகிற பாசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிக்கிற உலையிலும் சாகாது. சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். பெருகும்போது வாந்தியை உண்டாக்கும் நஞ்சு ஒன்றையும் சோற்றிலேயே விடும். அந்த நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. 1970களில் பிரிட்டனில் சீன உணவகங்களில் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்ட பலருக்கு வாந்தி வந்ததற்குக் காரணம் இதுதான். வடித்த சோற்றை வெளியே போட்டு வைத்திருந்து, பிறகு வாணலியில் வறுத்துக் கொடுத்தார்கள். கிருமி செத்தது, நஞ்சு அப்படியே இருந்தது.

அதனால் சோற்றுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடையாது. விடிகாலையில் வடித்துப் பாயில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டி, மேலே இன்னொரு துணியைப் போர்த்தும் முறையை நான் தள்ளுவது இதனால்தான். குவியலின் நடுவில் கை வைக்க முடியாத சூடு இருக்கும். ஆனால் ஓரத்திலும் மேலடுக்கிலும் வெறும் வெதுவெதுப்புதான். துணியில் படிந்த ஆவி நீராகி அந்த அடுக்கிலேயே இறங்கும். கிருமிக்கு வேண்டிய ஈரமும் இதமான சூடும் அங்கே சேர்ந்துவிடும். நடுவில் தொட்டுப் பார்த்துச் ‘சூடாத்தான் இருக்கு’ என்று சொல்வதில் ஏமாறுகிற இடமும் இதுதான். ஓரத்துச் சோற்றை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். சுளீரென்று சுடாமல் நிதானமாகப் பிடிக்க முடிந்தால் அது 60 டிகிரிக்குக் கீழே போய்விட்டது. சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. வாசனையை நம்ப வேண்டாம். இந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை.

புளியோதரைக்காகச் சோற்றை ஆற வைப்பது வேறு கணக்கு. அதில் புளிக்காய்ச்சலின் புளிப்பு கிருமியைத் தடுக்கும். என்றாலும் காய்ச்சல் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும்படி சீக்கிரம் கலந்துவிட வேண்டும்.

ஈடு முறைக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 600 பேர், பந்திக்கு 150 பேர், ஆக 4 பந்தி. தலைக்கு 100 கிராம் அரிசி என்றால் ஈட்டுக்கு 15 கிலோ. இரண்டு அடுப்பு சோற்றுக்கே வேண்டும். ஒன்றில் உலை எப்போதும் கொதித்தபடி இருக்கட்டும். முதல் பந்திக்கு இலை போட ஆள் கிளம்பும்போதே, “அண்ணே, அடுத்த ஈட்டுக்கு அரிசி போடவா?” என்ற குரல் உள்ளே கேட்க வேண்டும். அரிசி வெந்து, கஞ்சி வடிந்து, அன்னக்கூடைக்கு வர முக்கால் மணி நேரம் போல ஆகும். ஒரு பந்தி எழுந்திருக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். இப்படிப் போனால், எந்த இலையிலும் விழுகிற சோறு வடித்து ஒரு மணி நேரத்தைப் பெரிதாகத் தாண்டாது. முந்தைய ஈட்டில் மிஞ்சியதைப் புதுச் சோற்றின் மேல் கொட்டக் கூடாது. அதை முதலில் பரிமாறித் தீர்த்துவிட வேண்டும். நான்காவது ஈட்டை மண்டபத்தில் மீதியுள்ள தலைகளை எண்ணிய பிறகு போட்டால் போதும் என்பதால் அரிசியும் மிச்சமாகும். இதற்குச் செலவு ஆள்கூலிதான்: உலைக்கென்று ஒருவர் கடைசி வரை நிற்க வேண்டும்.

இதையே சாம்பாருக்குச் செய்ய நினைத்தால் வேலை மூன்று மடங்காகும், ருசியும் ஈட்டுக்கு ஈடு மாறும். சாம்பாருக்கு அது தேவையும் இல்லை. பெரிய அண்டா சாம்பாரில் பயப்பட வேண்டியது கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற இன்னொரு கிருமிக்கு. இதன் வித்தும் கொதியில் தப்பும். கொதித்ததில் காற்று போய்விட்ட கெட்டியான பருப்பு அதற்குப் பிடித்த இடம். 43 முதல் 46 டிகிரிச் சூட்டில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஆனால் இது நஞ்சை விடுவது நம் குடலுக்குள் போன பிறகுதான். சாம்பாரைத் தளதளவென்று கொதிக்கவிட்டால் அதற்குள் பெருகியவை செத்துவிடும். 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் பெருகவே பெருகாது. ஆகவே சாம்பாரை ஒரே தடவை ஆக்கி, அடுப்பை விட்டு இறக்காமல் வைப்பதே சிறந்தது. விறகடுப்பு என்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் வைக்கலாம், கேஸ் என்றால் சிம்மில்.

தணல் முறையில் ஒரு சங்கடம் உண்டு. பருப்பு அடியில் படிந்து தீயும், மேலே ஏடு கட்டி ஆறும். கால் மணிக்கு ஒருமுறை நீளக் கரண்டியை அடிவரை விட்டு, அடிப்பருப்பை மேலே இழுத்துக் கிளற வேண்டும். கிளறிய கையோடு மேல்பரப்பில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கலாம். கெட்டியானால் ஊற்றுவது கொதிநீராக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அண்டா முழுக்கச் சூடு இறங்கிவிடும். கத்தரிக்காயும் வெண்டைக்காயும் அந்த நேரத்துக்குள் குழைந்துவிடும் என்பதால், அவற்றைத் தனியே வதக்கி வைத்துக்கொண்டு பந்திக்குப் பந்தி சேர்க்கிறவர்களும் உண்டு. வாளிகளில் மொண்டு வைத்துக் காத்திருப்பதைவிட, இலைக்குப் போகும்போது மொள்வது மேல்.

ஹாட் பாக்ஸை நான் ஒதுக்கவில்லை. சமைக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் வேறாக இருந்தால் அதற்கு மாற்றே இல்லை. முதலில் கொதிநீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி, பெட்டியின் உட்சுவரைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, 80 டிகிரிக்கு மேலுள்ள பண்டத்தை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். பாதி நிரம்பிய பெட்டி சீக்கிரம் ஆறும், அடிக்கடி திறக்கிற பெட்டி அதைவிடச் சீக்கிரம் ஆறும். அதனால் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் பந்திக்கு ஒன்றாகச் சிறிய பெட்டிகள் நல்லது. சோறு உள்ளேயே இன்னும் கொஞ்சம் வேகும் என்பதால் ஒரு பதம் முன்னதாகவே வடித்து, கஞ்சி முழுக்க இறங்கிய பிறகு அடைக்க வேண்டும்.

கோயில் அன்னதானத்தில் பந்திக்கு நேரமே இல்லாமல் போகலாம். ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. ஆள் வந்துகொண்டே இருக்கிற இப்படிப்பட்ட இடத்தில் சோற்றுக்கு ஈடு முறையைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

விருந்து முடிந்து யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் நேரத்தைக் கேளுங்கள். சாப்பிட்டு ஒன்று முதல் ஐந்து மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் முதல் சந்தேகம் சோற்றின் மேல். மறுநாள் விடியலில் வயிற்றைப் பிசைந்து பேதி என்றால் சாம்பார், கூட்டு, குருமா பக்கம் பார்க்க வேண்டும்.

மிஞ்சிய சாம்பாரை இரவு டிபனுக்கு எடுப்பதாக இருந்தால் அடுப்பை அணைக்காதீர்கள். மூடியபடி இறக்கி வைத்த 100 லிட்டர் அண்டா, கிருமி பெருகுகிற அந்தச் சூட்டைக் கடக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். மிஞ்சிய சோற்றை இரவுக்கு வைக்கவே வேண்டாம். கடைசிப் பந்தி எழுந்ததும் சூடு ஆறுமுன் பக்கத்தில் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.