அட்டையில் இருப்பது எந்த மாயாவி?

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களிடம் 'மாயாவி' என்று மட்டும் சொன்னால் பாதிப்பேர் ஒருவரையும் மீதிப்பேர் வேறொருவரையும் நினைப்பார்கள். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழில் கொண்டுவந்தது இரும்புக்கை மாயாவியை. ராணி காமிக்ஸ் மாயாவி என்று அழைத்ததோ முகமூடி போட்ட, காட்டில் வாழும் ஃபேண்டமை. அதே ஃபேண்டம் முத்து காமிக்ஸில் வேதாளர். ஆகவே, அட்டை கிழிந்து, தலைப்பில் 'மாயாவி' என்ற வார்த்தை மட்டும் மிஞ்சிய ஒரு புத்தகம் கையில் கிடைத்தால் பெயரை வைத்து ஆளைச் சொல்ல முடியாது, படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு புத்தகத்தின் போட்டோவைச் சில மாதங்களுக்கு முன்னால் நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். மேல்பாதி அட்டை இல்லை. கீழே ஒருவன் தாடையில் விழுகிற குத்து, குத்துகிற கையின் முன்கை வரை மட்டும் தெரிகிறது, பின்னணி முழுக்க ஊதா. "ஊதா இருக்கிறது, அப்புறம் குத்து விடுவது வேறு, கண்டிப்பாக ஃபேண்டம்தான்" என்று எழுதியிருந்தார்.

நிறத்தை வைத்து முடிவெடுப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். 1936-ல் லீ ஃபாக் உருவாக்கிய ஃபேண்டம், அமெரிக்க ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களில் ஊதா. இத்தாலியிலும் பிரேசிலிலும் சிவப்பு, ஸ்வீடனில் நீலம். உடையின் நிறமே ஊருக்கு ஊர் மாறியிருக்கும்போது பின்னணி நிறத்துக்கு என்ன மதிப்பு? அட்டைக்கு வண்ணம் தீட்டியவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய எதையும் போட்டிருக்கலாம்.

சரி, பொருட்களைப் பார்ப்போம். ஃபேண்டமுக்கு அடையாளங்கள் நிறைய: கருவிழி தெரியாத முகமூடி, மண்டையோட்டு பெல்ட், இரண்டு துப்பாக்கிகள், கோடு போட்ட ஜட்டி, வெள்ளைக் குதிரை, கூடவே ஓநாய். வலதுகையில் மண்டையோட்டு மோதிரம், அந்தக் கையால் குத்து வாங்கியவன் தாடையில் மண்டையோடு பதிந்துவிடும். இரும்புக்கை மாயாவிக்கு ஒன்றே ஒன்றுதான், அந்த வலதுகை. லூயிஸ் கிராண்டேல் ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து உலோகக்கை பொருத்திக்கொண்டவர், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் கை தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். பெரும்பாலும் முகமூடி கிடையாது, கோட்டு சூட்டில் சாதாரண ஆள் மாதிரி இருப்பார். அதனால் கை படத்துக்குள் வராமல் போனால் அவரை அடையாளம் காண எதுவுமே மிஞ்சாது.

நண்பர் அனுப்பிய படத்தில் கைதான் இருந்தது என்பது நம் அதிர்ஷ்டம். பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்களில் மோதிரம் இல்லை. ஆனால் அதை மட்டும் வைத்து ஃபேண்டம் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது, ஏனென்றால் மோதிரம் சின்னப் பொருள், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத பழைய அச்சில் அது ஒரு புள்ளியாகக் கரைந்து போயிருக்கலாம். உண்மையில் உதவியது மணிக்கட்டு. அங்கே கோட்டுக் கையின் விளிம்பு முடிகிறது, துணி மடிப்பு இரண்டு கோடாகத் தெரிகிறது. ஃபேண்டமின் உடை உடம்போடு ஒட்டியது, அதில் இப்படி மடிப்பு விழாது. விரல் கணுக்களில் குறுக்குக்கோடுகள் வேறு, தோலில் விழும் சுருக்கம் மாதிரி இல்லாமல் துண்டு துண்டாகக் கோர்த்தது மாதிரி.

உலோகக்கை என்றதும் மூன்றாவது ஆள் ஒருவரும் போட்டிக்கு வருவார்: இரும்பு மனிதன் ஆர்ச்சி, நம் சட்டித்தலையன். கிழிந்த அட்டையில் முஷ்டி மட்டும் இருந்தால் இவரைக் கழிக்காமல் முடிவுக்கு வர முடியாது. ஆனால் ஆர்ச்சிக்கு உலோகம் மணிக்கட்டோடு நிற்பதில்லை, முழங்கை, தோள் என்று குழாய் மாதிரி போய்க்கொண்டே இருக்கும், துணியே கிடையாது. கோட்டு விளிம்பைப் பார்த்த உடனே ஆர்ச்சி வெளியே போய்விட்டார்.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. படத்தில் அது இடதுகை. இப்படி இருந்தால் படம் இடவலம் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அட்டைக்கு இடம் போதவில்லை என்றால் படத்தைத் திருப்பிப் போடுவது உண்டு. இதற்கு நான் பார்ப்பது குத்து வாங்குபவனின் சட்டையை. ஆண்கள் சட்டையில் பை அவர்களின் இடது மார்பில் இருக்கும், பட்டன் வரிசையில் இடப்பக்கத் துணி மேலே வரும். இவனுக்குப் பை வலது மார்பில் இருந்தது. திருப்பிய படம்தான்.

இதுவரை ஓவிய பாணியைப் பற்றி நான் பேசவே இல்லை, காரணம் உண்டு. அட்டைப்படத்தை வரைந்தவரும் உள்ளே வரைந்தவரும் பல நேரம் வேறு வேறு ஆட்கள், இங்கேயே ஒருவரை வைத்து அட்டையைப் புதிதாக வரைவித்திருப்பார்கள். அட்டையின் பாணி அந்த அட்டை ஓவியரைத்தான் காட்டிக்கொடுக்கும். பாத்திரம் யார் என்று கேட்டால் பொருள், எந்தத் தொடர், எந்தக் காலகட்டம் என்று கேட்டால் உள்பக்க ஓவியம், என் கணக்கு இதுதான்.

உள்பக்கத்தில் இருவரையும் குழப்பவே முடியாது. இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் வந்தபோது வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீசஸ் பிளாஸ்கோ. முகத்தில் பாதி கறுப்பில் மூழ்கியிருக்கும், தூரிகை இழுத்த தடம் தெரியும், தெருவிளக்கு வெளிச்சம்கூட போட்டோ மாதிரி விழும். 1961-க்குப் பிறகு தினசரி ஃபேண்டமை வரைந்த சை பேரியின் கோடு சுத்தமானது, தசைகள் தெளிவாக இருக்கும். அவருக்கு முந்தைய வில்சன் மெக்காய் தட்டையாக, எளிமையாக வரைவார், ஒரே ஃபேண்டமிலேயே காலத்தைப் பிரிக்க இது போதும்.

பாணி பிடிபடாதவர்கள் கட்டங்களை எண்ணலாம். தினசரிப் பத்திரிகைத் தொடரிலிருந்து எடுத்த கதையில் மூன்று நான்கு கட்டத்துக்கு ஒருமுறை சின்னத் திருப்பம் வரும், அடுத்த கட்டம் முந்தைய நாள் நடந்ததை ஒரு வரியில் ஞாபகப்படுத்தும். வார இதழ்க் கதையில் அது இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறைதான் நடக்கும்.

நண்பரிடம் அட்டை இரும்புக்கை மாயாவி என்று சொல்லிவிட்டு, உள்ளே ஐந்து பக்கம் அனுப்பச் சொன்னேன். வந்தவை சுத்தமான கோடுகள், மூன்று கட்டத்துக்கு ஒரு திருப்பம், நான்காவது பக்கத்தில் மண்டையோட்டுக் குகை. முழுக்க ஃபேண்டம். அட்டையை நடுவில் விரித்துப் பின் குத்திய இடத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்றேன். அட்டையில் நான்கு ஓட்டைகள், உள்பக்கங்களில் இரண்டு, அட்டையின் பழைய இரண்டு ஓட்டைகளைச் சுற்றித் துருக்கறை. 'மாயாவி' என்ற எழுத்தை மட்டும் பார்த்து யாரோ இரண்டு புத்தகங்களின் மிச்சத்தை ஒன்றாகச் சேர்த்துப் பின் அடித்திருக்கிறார்கள். நண்பர் இப்போது அந்த அட்டைக்கு உரிய உள்பக்கங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், பழைய புத்தகக் கடைகளில் அட்டையில்லாத காமிக்ஸ் கிடைத்தால் முதலில் பின் ஓட்டைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பார்க்கிறார்.