வாட்ச் காட்டிய பல்ஸும் விரல் கிளிப் காட்டிய பல்ஸும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் சித்தப்பாவின் குறட்டை மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். அது நடுவில் சட்டென்று நின்றுபோனால் சித்தி பயந்துபோய்த் தட்டி எழுப்புவார். கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் ராத்திரி பல்ஸை 58க்கும் 86க்கும் நடுவே சிதறிய புள்ளிகளாகக் காட்டியது. "சராசரி 66தானேப்பா, நல்லாத்தானே இருக்கு" என்றார் சித்தப்பா.

கோளாறே அந்தச் சராசரியில்தான். ஸ்லீப் ஆப்னியாவில், அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போது, பல்ஸ் மெல்ல இறங்கும், மூளை அரைகுறையாக விழித்து மூச்சை மீட்டதும் குபீரென்று ஏறும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. ஒரு சுற்று பெரும்பாலும் அரை நிமிஷத்திலிருந்து ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அவருடைய வாட்ச் சில நிமிஷத்துக்கு ஒருமுறைதான் அளக்கிறது, அதில் அலை எப்படித் தெரியும்? சந்தேகம் வரவைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை.

அடுத்து, புதுச்சேரியில் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்த ரெக்கார்டிங் ஆக்ஸிமீட்டர், பல்ஸையும் ரத்த ஆக்ஸிஜனையும் பதிந்துவைக்கும் விரல் கிளிப். (கொரோனா நேரத்தில் வாங்கிப்போட்ட சாதாரண கிளிப் உதவாது, அதில் பதிவு இருக்காது.) இது நொடிக்கு ஒருமுறை பதிந்தது. சராசரி எடுக்கும் நேரத்தை 3 நொடிக்கு மேல் வைக்காதீர்கள், வைத்தால் சின்னச் சரிவுகள் மழுங்கிவிடும். காலையில் 2:40 மணிப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது: பல்ஸ் 60க்கு இறங்கி, சில நொடியில் 84க்குத் தாவி, திரும்ப இறங்குகிறது, முக்கால் நிமிஷத்துக்கு ஒருமுறை. கூடவே ஆக்ஸிஜன் 95லிருந்து 88க்குப் போய் மீள்கிறது. பல்ஸ் ஏறிய பிறகுதான் ஆக்ஸிஜன் அடிமட்டத்தைத் தொடுகிறது. அது மெஷின் தப்பு இல்லை, நுரையீரல் ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேர ஆகும் தாமதம். 7 மணி நேரத்தில் 154 ஆக்ஸிஜன் சரிவு, அதாவது மணிக்கு 22.

இரண்டு கோடும் சேர்ந்து ஆடுவதுதான் இங்கே முக்கியம். பல்ஸ் மட்டும் குதித்து ஆக்ஸிஜன் அசையாமல் இருந்தால் தூக்கத்தில் கால் உதறுவதாலும் இருக்கலாம், ஆக்ஸிஜன் குறையும் முன்பே விழிப்பு வந்துவிடுகிற லேசான அடைப்பாகவும் இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல கிளிப்பால் முடியாது.

மூக்குக் குழாயும் நெஞ்சுப் பட்டையும் சேர்ந்த வீட்டுத் தூக்கப் பரிசோதனை அங்கேதான் ஜெயிக்கிறது. காற்று நின்றும் நெஞ்சு முண்டினால் தொண்டை அடைப்பு, இரண்டுமே நின்றால் மூளையிலிருந்து கட்டளை வரவில்லை. டாக்டர் இதைத்தான் எழுதிக் கொடுத்தார், கிளிப் கிராஃபை வைத்து மட்டும் முடிவு சொல்ல மறுத்துவிட்டார், அது சரிதான்.

என்னைக் கேட்டால், வாட்ச்சைவிட கிளிப்புக்கே என் ஓட்டு. அதே கிளிப்பை மறுநாள் அத்தைக்கும் மாட்டினோம். அவர் பல்ஸை ஏறவிடாமல் அடக்கும் அட்டெனலால் மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் பல்ஸ் கோடு ஏறக்குறைய தட்டையாகவே ஓடியது, ஆனால் ஆக்ஸிஜன் மட்டும் விடியற்காலையில் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்தது.